‘பீடி இல்லை’ என்று எழுதிய எட்டு மாதங்கள்

2025 செப்டம்பர் 22, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். பல் துலக்கி, இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் பார்த்தேன். அடிப்பாதத்தைப் பார்க்கத் தரையில் ஒரு கண்ணாடி வைத்திருக்கிறேன். விரலிடுக்கில் ஈரம் இல்லை, வெடிப்பு இல்லை, நிறமாற்றம் இல்லை. ஐந்தே காலுக்குப் பந்தல்குடி சாலையில் நடக்கக் கிளம்பினேன். போக இருபது நிமிடம், வர இருபது நிமிடம். லாரிகள் சீறிக்கொண்டு போகும், அதனால் வலது ஓரமாக எதிர்த்திசை பார்த்து நடப்பது வழக்கம். திரும்பி வந்து குளித்து, நான்கு இட்லி, ரத்தம் உறையாமல் இருப்பதற்கான சின்ன மாத்திரை ஒன்று. கொழுப்பு மாத்திரை இரவுக்கு. ரத்த அழுத்தம் நூற்று இருபத்தெட்டுக்கு எண்பது. எட்டு பத்துக்குத் திருச்சுழி பஸ்.

திருச்சுழியில் ஒரு விதை, உரக்கடையில் சரக்கிருப்பு எழுதுகிறேன். மூட்டை வந்தால் எண்ணி எழுத வேண்டும், போனால் கழித்து எழுத வேண்டும். மழை இன்னும் வரவில்லை. வந்தவர்கள் விதையைக் கையில் அள்ளிப் பார்த்துவிட்டு, “முத மழ விழட்டும், வாரோம்” என்று போனார்கள். மதியம் கடைக்குப் பின்னால் கொய்யா மரத்தடியில் தயிர்சாதம். நாலே முக்கால் பஸ். ஐந்தரைக்கு அருப்புக்கோட்டையில் இறங்கினேன். அன்று காலையிலிருந்து அதுவரை நான் பேசியதைக் கூட்டினால் இருபது வாக்கியம் தேறாது. மனைவி போய் எட்டு வருடம். மகள் கோயம்புத்தூரில் இருக்கிறாள், ஞாயிறுதோறும் பேசுவாள். மற்ற ஆறு நாட்களுக்குப் பேச்சுக்கு ஆள் கிடையாது. இது பழகிவிட்டது என்று நான் எழுதினால் பொய்.

பஸ் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் போகும் தெருவில், மூடிக்கிடந்த ஒரு பட்டறைச் சுவருக்கு முன்னால் ஒருவன் நின்றுகொண்டிருந்தான். சுவரில் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி ஒன்று. அதை வாசிக்கிறவன் போல அண்ணாந்து நின்றான். பெரிய எழுத்தில் நான்கே வரி. அதை வாசிக்க அரை நிமிடம் போதும். நான் பார்க்கத் தொடங்கியதிலிருந்து மூன்று நிமிடம் நின்றான். பிறகு நடந்தான். ஐந்தாவது மின்கம்பத்தில் மறுபடி நின்று, ஒரு துணிக்கடைப் பலகையைப் பார்த்தான். இடது கையால் கெண்டைக்காலைப் பிடித்துவிடக் குனிந்தவன், யாராவது பார்க்கிறார்களா என்று நிமிர்ந்தான்.

பின்னாலிருந்தே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. இருபத்திரண்டு வருடம் அவனுக்கு எதிரே நின்றிருக்கிறேன். ஆறு வருடமாக அவனைக் கண்டால் வேறு தெருவில் திரும்பிவிடுகிறேன்.

அவன் நின்ற தூரம் எனக்குத் தெரிந்த தூரம். ஏழு வருடத்துக்கு முன் நானும் அப்படித்தான் நின்றேன், கடைப்பலகைகளை வாசித்துக்கொண்டு.

அப்போது இருவரும் அருப்புக்கோட்டையில் பஞ்சுப் பொதிகளை அடுக்கி வைக்கும் ஒரு கிட்டங்கியில் வேலையில் இருந்தோம். அவன் பொதியைக் கொக்கி போட்டுத் தராசில் ஏற்றி எடையைச் சத்தமாகச் சொல்வான். நான் எழுதுவேன். கிட்டங்கிக்குள் நெருப்பு கூடாது. வாசலில் ஒரு தகரப்பெட்டி இருக்கும். உள்ளே நுழைகிற எவனும் தீப்பெட்டியை அதில் போட்டுவிட்டுத்தான் வர வேண்டும். பீடிக்காக ஆட்கள் அடிக்கடி வெளியே போனால் வேலை நிற்கும். அதனால் முதலாளியே வாசலில் ஒரு தட்டு வைத்தார். வெற்றிலை, சுண்ணாம்பு, புகையிலை. வேண்டிய மட்டும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே புகையிலை, வெளியே பீடி. இதுதான் எங்கள் முறை. இதில் ஒரு நம்பிக்கையும் தானாகவே வளர்ந்திருந்தது. நெருப்பு உள்ளதுதான் ஆபத்து, நெருப்பு இல்லாதது சாது. பஞ்சுக்கு அது உண்மை. உடம்புக்கும் அதுவே உண்மை என்று நாங்கள் யாரும் சொல்லிக்கொள்ளவில்லை, ஆனால் நம்பினோம்.

தட்டில் இருப்பது தூள். நல்ல புகையிலை அவன் மடியில் இருக்கும், ஒரு துணிப்பையில். பத்துப் பொதிக்கு ஒருமுறை பையை நீட்டுவான். நான் வலது கையில் பேனாவோடு இடது கையை நீட்டுவேன். பேச்சே இருக்காது.

2018 நவம்பரில் எனக்கு இடது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தது. நடந்தால் வலிக்கும், நின்றால் மூன்று நிமிடத்தில் போய்விடும், மறுபடி அதே தூரத்தில் வலிக்கும். வாயு என்று எண்ணெய் தேய்த்தேன். வீட்டிலிருந்து ஏழாவது கம்பத்தில் வந்த வலி ஒரு மாதத்தில் ஐந்தாவது கம்பத்துக்கு வந்தது. நாட்குறிப்பில் கம்ப எண் எழுதி வைத்திருந்ததால்தான் அது கூடுவது தெரிந்தது. மதுரைக்குப் போனேன்.

ரத்தக்குழாய் மருத்துவர் ஒரு பெண். கையில் பட்டை சுற்றி அழுத்தம் பார்த்தார், பிறகு கணுக்காலில் சுற்றி, பாதத்தில் ஒரு சிறு கருவியை வைத்துக் கேட்டார். கையில் நூற்று நாற்பது. இடது காலில் எண்பத்து நான்கு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றாக இருக்க வேண்டும் என்றார்.

“ரத்தக்குழாயோட உள்பக்கம் வழுவழுன்னு இருக்கணுங்க. பீடிப் புகை அதப் புண்ணாக்குது. புண்ணான எடத்துல கொழுப்பு ஒட்டுது, தடிக்குது, ரத்தமும் சீக்கிரம் உறையுது. தொடையில பெரிய குழாய் பாதிக்கு மேல அடைச்சிருக்கு. நிக்கிறப்ப காலுக்கு அந்த ரத்தம் போதும். நடக்கிறப்ப போதல, வலிக்குது.”

“காலோட நின்னுருமா டாக்டரம்மா?”

“கால் மட்டும்னு நெனைக்காதீங்க. நெஞ்சுக்கும் மூளைக்கும் போறதும் இதே மாதிரி குழாய்தான். கால் முன்கூட்டியே சொல்லிருக்கு, அவ்வளவுதான். பீடிய விடுங்க. மாத்திரை, நடை மத்ததெல்லாம் அதுக்கப்புறம்.”

டிசம்பர் 3ஆம் தேதி விட்டேன். அன்றிலிருந்து நாட்குறிப்பில் தினமும் முதல் வரி ‘பீடி இல்லை’. எட்டு மாதம் ஒரு நாள் தவறாமல் அந்த வரி இருக்கிறது. எழுதிய ஒவ்வொரு நாளும் அது உண்மை. பீடி போன இடத்தைப் புகையிலை எடுத்துக்கொண்டதை மட்டும் எழுதவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. காபி எத்தனை தடவை குடித்தேன் என்று எழுதியிருக்கிறேன்.

பையை அவன் பத்துப் பொதிக்கு ஒருமுறை நீட்டியது போய், ஐந்து பொதிக்கு ஒருமுறை நீட்டினான். “பீடிய விட்டவனுக்கு வாய் சும்மா இருந்தா கிறுக்குப் பிடிச்சிரும்லே, போடு” என்பான். அன்பு அது. அதைவிட அன்பாக என்னிடம் அந்த வருடம் யாரும் நடந்துகொள்ளவில்லை.

2019 ஜூனில் செருப்பு வார் உரசி இடது சுண்டுவிரலில் ஒரு கீறல். ஒரு வாரத்தில் ஆற வேண்டியது ஆறவில்லை. ஜூலையில் நுனி கறுத்தது. மறுபடி மதுரை. கையில் நூற்று ஐம்பது, காலில் எழுபத்தெட்டு. மருத்துவர் என் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினார். பக்கம் பக்கமாக ‘பீடி இல்லை’. பொய் சொல்கிறேன் என்று அவர் சொல்லவில்லை. சற்று யோசித்துவிட்டு, “வாயத் தெறங்க” என்றார்.

திறந்தேன்.

“எத்தன தடவ வைக்கிறீங்க ஒரு நாளைக்கு?”

எனக்கு எண் தெரியவில்லை. எண்ணாதது அது ஒன்றுதான்.

“புகை நின்னதுல லாபம் உண்டு. ரத்தத்துல பிராணவாயு எடத்த அடைச்சுக்கிற விஷவாயு பீடிப் புகைலருந்துதான் வரும், அது போச்சு. ஆனா நிகோட்டின் ரெண்டுலயும் இருக்கு. வாயில ஒதுக்கினா மெதுவா ஏறும், ரொம்ப நேரம் நிக்கும். குழாயச் சுருக்கும், அழுத்தத்தக் கூட்டும், நெஞ்சத் துடிக்க வைக்கும். ஏற்கெனவே அடைச்ச குழாய நாள் முழுக்கப் பிடிச்சு நெரிச்சுக்கிட்டே இருந்திருக்கீங்க. புண்ணு எப்படி ஆறும்?”

சுண்டுவிரலை எடுத்தார்கள். தொடைக்குழாயில் ஊதுபை வைத்து விரித்தார்கள். புகையிலை தொட்டால் அது மறுபடி மூடும், அடுத்தது விரலோடு நிற்காது என்று எழுத்தில் கொடுத்தார்கள்.

மருத்துவமனையில் நான்காம் நாள் அவன் வந்தான். ஆரஞ்சு வாங்கி வந்திருந்தான். அறையில் வேறு யாரும் இல்லை. கட்டிலோரம் உட்கார்ந்து, கட்டுப்போட்ட காலைப் பார்க்காமல் பார்த்துக்கொண்டு, மடியிலிருந்து பையை எடுத்தான். “வலிக்கு நல்லதுலே, இத்துணூண்டு.” நான் இடது கையை நீட்டினேன். இருபத்திரண்டு வருடப் பழக்கம் கையை நீட்டியது. வாயில் வைத்துக்கொண்டு, அவன் போன பிறகு துப்பினேன். வாய் கொப்பளித்தபோது அழுதேன். அது 2019 ஆகஸ்ட் 5. அதற்குப் பிறகு தொடவில்லை. நான் எண்ணிக்கை வைத்திருப்பதால் சொல்கிறேன், செப்டம்பர் 22 அன்று இரண்டாயிரத்து இருநூற்று நாற்பது நாள்.

முதல் மூன்று வாரம் தூக்கமில்லை. தலைவலி, மலச்சிக்கல், காரணமில்லாத கோபம். சோம்பை மென்றேன். எல்லாவற்றையும் தாங்கலாம், அவன் பையை நீட்டுவதைத் தாங்க முடியாது என்று தெரிந்தது. கிட்டங்கியை விட்டேன். திருச்சுழியில் இந்த வேலை கிடைத்தது. அவன் இரண்டு முறை வீட்டுக்கு வந்தான். விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருந்தேன். பிறகு அவன் வரவில்லை.

மருத்துவர் என் வாயைப் பார்த்துச் சொன்னதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்ல அவனருகே போக வேண்டும், போனால் கை நீளும் என்ற பயம். முதல் வருடத்துக்கு அது சரியான காரணம். மற்ற ஐந்து வருடத்துக்குக் காரணம் என்னிடம் இல்லை.

எனக்கு நல்லதுதான் நடந்தது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் மதுரை போகிறேன். ஒரு வருடம் ஆனபோது மருத்துவர், மாரடைப்பு ஆபத்தில் பீடி கூட்டி வைத்திருந்த பங்கு ஏறக்குறையப் பாதி குறைந்திருக்கும் என்றார். ஐந்து வருடம் ஆனபோது, பக்கவாத ஆபத்தும் நன்றாக இறங்கும் காலம் இது என்றார். பத்து, பதினைந்து வருடத்தில், தொடாதவர்கள் பக்கத்தில் போய் நிற்கலாம், முப்பது வருடம் பிடித்தவருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் காலமும் ஆகலாம் என்றார். “அடைச்சது கரைஞ்சிருமா?” என்று ஒருமுறை கேட்டேன். “கரையாது. மேல வளர்றது மெதுவாகும். நீங்க நடக்க நடக்கப் பக்கத்துச் சின்னக் குழாய்க வழி விடும், தசையும் உள்ள ரத்தத்த வச்சுச் சமாளிக்கப் பழகும்” என்றார். கம்பங்களை எண்ணுவதை 2021இல் நிறுத்தினேன். எண்ண வேண்டிய இடத்தில் வலி வரவில்லை.

ஆக, அன்று மாலை துணிக்கடைப் பலகைக்குக் கீழே நின்றவனை என்னைவிடச் சரியாக வாசிக்கக்கூடியவர் அந்தத் தெருவில் இல்லை. வேறு தெருவில் திரும்ப வழி இருந்தது. திரும்பவில்லை. அருகில் போய் நின்றேன்.

“ஏலே” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். தலை நன்றாக நரைத்திருந்தது. கன்னம் புடைத்திருந்தது, உள்ளே புகையிலை.

“அடடே, திருச்சுழி தாசில்தாரு! என்ன, வழி தவறி இந்தப் பக்கம் வந்துட்டீகளா?”

“சுவத்துல யாருக்கு அஞ்சலி?”

“தெரியல. மூணு வாட்டி வாசிச்சேன். நல்ல மனுசன் போலிருக்கு.”

“எத்தனாவது கம்பத்துல வலிக்கு?”

அவன் முகத்தில் கேலி நின்றது. ஓரமாகத் துப்பிவிட்டு, “வாதம்லே. எண்ண தேய்க்கேன்” என்றான்.

“நின்னா மூணு நிமிசத்துல போயிருதா?”

அவன் மூடிய கடைப் படியில் உட்கார்ந்தான். நானும் உட்கார்ந்தேன். ஆறு வருடத்துக்குப் பின் பக்கத்தில் உட்காருகிறோம். மடியிலிருந்து பையை எடுத்து, தன் வாய்க்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டான். என் பக்கம் நீட்டவில்லை. அது என்னை எதிர்பாராத விதமாகச் சுட்டது.

“நான் பீடியத் தொட்டு ரெண்டு வருசம் ஆச்சு, தெரியுமா” என்றான். “ஒன்னப் பாத்துத்தான் விட்டேன். நீ பீடிய விட்டுத்தானே கால் பொழச்சே. கால் நோவுன்னு வந்ததும், சரி, அவன் செஞ்சத நம்மளும் செய்வோம்னு விட்டுட்டேன். ஒரு நாள் தப்பல. அப்படியும் இந்தா, மூணு கம்பம் கொறஞ்சிருக்கு.”

“நான் பீடிய மட்டும் விட்டப்பத்தாம்லே வெரலு போச்சு.”

செருப்பைக் கழற்றினேன். இடது பாதத்தைப் படியின் மேல் தூக்கி வைத்தேன். சுண்டுவிரல் இருந்த இடம் தோல் வழவழப்பாக மூடிக் கிடக்கிறது. அவன் அதை முதல் தடவையாகப் பார்த்தான். மருத்துவர் என் வாயைத் திறக்கச் சொன்னதைச் சொன்னேன். குழாய் சுருங்குவதைச் சொன்னேன். எட்டு மாதம் ‘பீடி இல்லை’ என்று எழுதியதைச் சொன்னேன். கையில் எவ்வளவு, காலில் எவ்வளவு என்று எண்களையும் சொன்னேன். நான் சொல்லச் சொல்ல அவன் வாய் மெல்வதை நிறுத்தியிருந்தது.

“இது ஒனக்கு எப்பத் தெரியும்?”

“ரெண்டாயிரத்துப் பத்தொம்பது சூலையில.”

“ஆறு வருசம்.”

“ஆமா.”

“நான் ஒன் வீட்டு வாசல்ல வந்து நின்னேம்லே. ரெண்டு தடவ. உள்ள வெளக்க அணைச்சியே, அத நான் பாத்தேன். வெரலு போன கவலையில கெடக்கான்னு நெனச்சேன். எம் பொஞ்சாதிட்டயும் அப்படித்தான் சொன்னேன்.” பையை மடியில் செருகினான். “ஒரு வார்த்த, லே. கதவத் தெறக்காமயே சொல்லிருக்கலாம்.”

சொல்லியிருக்கலாம். குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டேன். பேசினால் காரணம் சொல்வேன் என்று தெரியும்.

“நாளைக்குச் செவ்வாக்கெழம” என்றேன் பிறகு. “அந்த டாக்டரம்மா செவ்வாயும் வெள்ளியும் பாப்பாக. முத பஸ்ஸுல போனா டோக்கன் வாங்கிறலாம். நெஞ்சுக்கும் படம் எடுத்துருவாக. நான் கூட வாரேன்.”

“எனக்கு வழி தெரியும். நீ உன் கடையப் பாரு.”

எழுந்து நடந்தான். நான் பின்னால் போகவில்லை. ஐந்தாவது கம்பத்தில் நின்றான். இந்த முறை எந்தப் பலகையையும் பார்க்கவில்லை. கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, கெண்டைக்காலைத் தேய்த்துவிட்டு, தெருமுனையில் திரும்பினான்.

வீட்டுக்கு வந்தேன். கோதுமைத் தோசை இரண்டு, தேங்காய்த் துவையல். உரக்கடைக்காரருக்குப் போன் செய்து நாளை வரமாட்டேன் என்றேன். “உடம்புக்கா?” என்றார். இல்லை என்றேன். ஆறு வருடத்தில் நான் எடுத்த விடுப்பு எல்லாமே என் உடம்புக்காக. கொழுப்பு மாத்திரை போட்டேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தை எழுதினேன். அவன் படியில் உட்கார்ந்து சொன்னதற்கு என் பதிலை எழுதப் பார்த்தேன், மூன்று முறை தொடங்கினேன். கடைசியில் அவன் சொன்னதை மட்டும் அப்படியே எழுதி, கீழே தேதி போட்டேன். முற்றத்தில் கொஞ்சம் நின்றேன். பக்கத்து வீட்டில் தொலைக்காட்சியில் யாரோ சிரித்தார்கள். ஒன்பது மணிக்குப் படுத்தேன்.

மறுநாள் நாலரைக்கு விழித்தேன். அன்று பாதத்தைப் பார்க்கவில்லை, நடக்கவும் போகவில்லை. முகம் கழுவிச் சட்டை மாட்டிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவன் மனைவி திறந்தார். “வாங்கண்ணே” என்றார், உள்ளே திரும்பி, “இவுக வந்துட்டாக” என்றார். வந்துவிடுவேன் என்று பேசியிருந்திருக்கிறார்கள். அவன் கொல்லைப்புறத்திலிருந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தான். என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இன்னிக்கு இன்னும் வாயில வைக்கல” என்றான். “பஸ்ஸு வர்ற வரைக்கும் தாங்குமான்னு தெரியல. நட.”

அவன் வேகத்துக்கு நடந்தேன். ஐந்தாவது கம்பத்தில் அவன் நின்றபோது நானும் நின்றேன்.